பாதி வழியில் ரூல்ஸை மாற்றினால் நீதிமன்றம் ஏன் கேள்வி கேட்கிறது?

எங்கள் பாலக்காட்டு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடைப் பக்கம் பி.எஸ்.சி., அதாவது கேரள அரசுப் பணித் தேர்வாணையத்தின் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் நாலு பேர் கூடினால் ஐந்தாவது நிமிஷத்தில் யாராவது ஒருத்தர் "ரூல்ஸையே மாத்திட்டாங்கண்ணா, கேஸ் போட்டா ஜெயிக்கலாம்" என்பார். ரேங்க் லிஸ்ட் காலாவதியானாலும் இதே பேச்சுதான், காலியிடம் குறைந்தாலும் இதே பேச்சுதான், வினாத்தாள் கஷ்டமாக வந்தாலும் கிட்டத்தட்ட இதே பேச்சுதான். எதிர்ப்பக்கம் இன்னொரு கோஷ்டி இருக்கிறது. "வேலை கொடுக்கிறது அவங்க, அவங்க இஷ்டம், கோர்ட்டெல்லாம் தலையிடாது" என்று அடித்துச் சொல்வார்கள்.

இரண்டு பேச்சும் தப்பு. எது உண்மையிலேயே ரூல்ஸை மாற்றுவது, எது இல்லை என்பதற்கு உச்ச நீதிமன்றம் தெளிவாகவே கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோடு போடப்பட்ட முக்கியமான வழக்குகளில் ஒன்று நம் கேரளத்தில் நடந்தது, இன்னொன்று ஆந்திராவில் நடந்தது. இங்கே ஒரு சித்தூர், அங்கே ஒரு சித்தூர், இரண்டு ஊரிலும் தமிழ் பேசுகிறவர்கள் அரசுத் தேர்வு எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். அதனால் இந்த இரண்டு வழக்குகளையும் வைத்தே சொல்லிவிடுகிறேன்.

## முதலில் வடம்வலி

ஓணத்துக்கு கிளப்புக்காரர்கள் வடம்வலி, அதாவது கயிறு இழுக்கும் போட்டி வைப்பார்கள் இல்லையா, அதையே எடுத்துக்கொள்வோம். ஒரு டீமுக்கு ஏழு பேர், ஏழு பேரின் மொத்த எடை 455 கிலோவைத் தாண்டக்கூடாது என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு டீம் கணக்குப் போடுகிறது: கடைசி ஆளாக 84 கிலோவில் ஒரு தடியனை நிறுத்தலாம், மற்ற ஆறு பேரும் ஒல்லியாக இருந்தால் மொத்தம் 455-க்குள் வந்துவிடும். அப்படியே ஆள் பொறுக்கி, ஒரு மாதம் பழகி, வந்து இழுத்து ஜெயித்தும் விட்டார்கள். கோப்பை கொடுக்கும் நேரத்தில் கமிட்டி கூடிப் பேசி, "தனி ஆள் எடையும் 75 கிலோவைத் தாண்டக்கூடாது, அதனால் நீங்கள் வெளியே" என்கிறது.

75 கிலோ என்பது மோசமான விதியா என்று கேட்டால், இல்லை. நல்ல விதியாகவே இருக்கலாம், அடுத்த வருஷம் நோட்டீஸிலேயே போட்டால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஆனால் அந்த டீம் நோட்டீஸை நம்பித்தான் ஆள் சேர்த்தது. அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்றும் இருக்கிறது. கமிட்டி இந்த முடிவை எடுத்தபோது யார் ஜெயித்தார்கள், அந்த டீமில் யார் எத்தனை கிலோ என்பதெல்லாம் அதற்குத் தெரியும்.

அரசு வேலைத் தேர்விலும் சிக்கல் இதே இடத்தில்தான். புதிய விதி நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. எப்போது வந்தது என்பதுதான் முதல் கேள்வி.

## 'ரூல்ஸ்' என்று எதைச் சொல்கிறோம்?

இதில் மூன்று அடுக்கு இருக்கிறது. மேலே இருப்பது சட்ட பலமுள்ள விதிகள். ஒரு பணிக்கு என்ன தகுதி வேண்டும், எப்படித் தேர்வு செய்வது என்று அரசிதழில் வெளியிட்டு உருவாக்கப்பட்டவை. கேரளத்தில் இவற்றை 'ஸ்பெஷல் ரூல்ஸ்' என்பார்கள்.

அதற்குக் கீழே அறிவிக்கை, அதாவது விண்ணப்பிக்கச் சொல்லி வெளியாகும் நோட்டிபிகேஷன். எத்தனை இடம், எத்தனை மதிப்பெண், எந்தத் தேதி என்பதெல்லாம் இதில் இருக்கும். அறிவிக்கையும் ஸ்பெஷல் ரூல்ஸும் முட்டிக்கொண்டால் ரூல்ஸ்தான் நிற்கும்.

கடைசி அடுக்கு, தேர்வு நடத்தும் அமைப்பு உள்ளுக்குள் எடுக்கும் தீர்மானங்கள். விதியும் அறிவிக்கையும் ஒன்றும் சொல்லாமல் விட்ட இடத்தை இவை நிரப்பலாம். மேலே இருப்பதை அழித்து எழுத முடியாது. தகராறு பெரும்பாலும் இந்தக் கடைசி அடுக்கில்தான் கிளம்புகிறது, ஏனென்றால் கமிட்டி அறைக்குள் எடுத்த முடிவு வெளியே தெரிவதே ரிசல்ட் வந்த பிறகுதான்.

## கேரளத்து வழக்கு

2015 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதிபதி பணிக்கு வழக்கறிஞர்களிடமிருந்து விண்ணப்பம் கேட்டது. எழுத்துத் தேர்வுக்கு 300 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. பொதுப் பிரிவினருக்கு எழுத்துத் தேர்வில் குறைந்தது 50 சதவீதம் வேண்டும். அதைத் தாண்டியவர்கள் நேர்காணலுக்குப் போவார்கள்.

இந்தப் பணிக்கான 1961-ஆம் ஆண்டு விதிகள், எழுத்துத் தேர்வையும் நேர்காணலையும் கூட்டிய மொத்த மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்யச் சொல்கின்றன. இந்தத் தேர்வுக்கென்று 2012-இல் வகுத்த திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், நேர்காணலுக்குக் கட்-ஆஃப் கிடையாது என்று எழுத்திலேயே சொல்லியிருந்தது. கட்-ஆஃப் என்றால் இதற்குக் கீழே போனால் ஆள் அவுட் என்கிற குறைந்தபட்ச மதிப்பெண்.

நேர்காணல் 2017 ஜனவரியில் முடிந்தது. பிப்ரவரி 27-ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் நிர்வாகக் குழு கூடி, எழுத்துத் தேர்வுக்கு உள்ள அதே கட்-ஆஃப் நேர்காணலுக்கும் உண்டு என்று தீர்மானம் போட்டது. அதாவது பொதுப் பிரிவில் 50-க்கு 25 எடுக்காதவர் வெளியே. மார்ச் 6-ஆம் தேதி இறுதிப் பட்டியல் வந்தது. மொத்த மதிப்பெண்ணில் முன்னால் நின்ற சிலர் பட்டியலில் இல்லை, அவர்களைவிடக் குறைவாக எடுத்தவர்கள் இருந்தார்கள்.

இது எப்படி நடக்கும் என்று எண்ணில் பார்த்தால் சட்டென்று புரியும். நான் கற்பனையாக இரண்டு பேரை வைக்கிறேன், ஒரே ஒரு காலியிடம் என்றும் வைத்துக்கொள்வோம். சித்தூர்க்காரர் எழுத்துத் தேர்வில் 205, நேர்காணலில் 23, மொத்தம் 228. மண்ணார்க்காட்டுக்காரர் எழுத்துத் தேர்வில் 190, நேர்காணலில் 30, மொத்தம் 220. அறிவித்த விதிப்படி சித்தூர்க்காரருக்குத்தான் வேலை, அதுவும் எட்டு மதிப்பெண் வித்தியாசத்தில். நேர்காணலுக்கு 25 கட்டாயம் என்று பின்னால் ஒரு வரி சேர்த்தால் சித்தூர்க்காரர் 'குறைவான ரேங்க்' கூட இல்லை, பட்டியலிலேயே இல்லை. எழுத்துத் தேர்வில் அவர் கூடுதலாக எடுத்த 15 மதிப்பெண்ணும் காற்றில் போயிற்று. நேர்காணலில் குறைந்த அந்த இரண்டு மதிப்பெண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இப்போது நேர்காணல் எடுத்தவரின் பக்கமிருந்து பாருங்கள். பலரும் கவனிக்காத இடம் இது. சித்தூர்க்காரருக்கு 23 போட்டபோது, "இவர் பரவாயில்லை, சராசரிக்குக் கொஞ்சம் கீழே" என்ற எண்ணத்தில் அவர் போட்டிருக்கலாம். 25-க்குக் கீழே போனால் ஆளே காலி என்று அன்று எந்த விதியிலும் இல்லை. தெரிந்திருந்தால் அதே மனிதருக்கு 23 போட்டிருப்பாரா, 26 போட்டிருப்பாரா, யாருக்கும் தெரியாது. ஒரு விதியின் கீழ் போட்ட மதிப்பெண்ணை இன்னொரு விதியின் கீழ் அளக்கும்போது அந்த மதிப்பெண்ணுக்கே அர்த்தம் மாறிவிடுகிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: மொத்த மதிப்பெண்தான் அளவுகோல் என்று மேல் அடுக்கு சொன்னது. எல்லாம் முடிந்த பிறகு கீழ் அடுக்கில் இருந்த ஒரு தீர்மானம் அந்த அளவுகோலில் புதிதாக ஒரு வெட்டுப் போட்டது.

## உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

வழக்கு (சிவானந்தன் எதிர் கேரள உயர் நீதிமன்றம்) ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு வரை போய், 2023 ஜூலையில் தீர்ப்பு வந்தது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு அது.

உயர் நீதிமன்றத்தின் வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. மாவட்ட நீதிபதி என்பது பெரிய பொறுப்பு, பரீட்சையில் எழுதிக் குவித்தால் மட்டும் போதாது, ஆளும் தகுதியானவராக இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கட்-ஆஃப் என்றார்கள். நோக்கம் நியாயமானதுதான். நீதிமன்றம் பார்த்தது வழியை. அப்படி ஒரு எண்ணம் இருந்திருந்தால் விதியை முறைப்படி திருத்தியிருக்கலாம், அல்லது தேர்வர்களுக்கு முன்கூட்டியே அறிவித்திருக்கலாம். இரண்டும் செய்யாமல், நேர்காணல் முடிந்த பிறகு செய்தது 1961 விதிகளுக்கே முரணானது என்றது.

அடுத்தது நியாயமான எதிர்பார்ப்பு. ஒரு பொது அமைப்பு தன் விதியாலோ, எழுத்திலான வாக்குறுதியாலோ, நெடுநாள் நடைமுறையாலோ ஒரு நம்பிக்கையைக் கொடுத்திருந்தால், தக்க காரணமில்லாமல் அதை முறிக்கக் கூடாது என்பதுதான் இந்தக் கோட்பாடு. "நேர்காணலுக்குக் கட்-ஆஃப் இல்லை" என்று எழுதி வைத்திருந்தார்கள் அல்லவா, அதை நம்பி எழுத்துத் தேர்வில் முழு மூச்சாக இறங்கியவரின் எதிர்பார்ப்பு நியாயமானதுதான். இது வேலை கிடைத்தே தீரும் என்கிற எதிர்பார்ப்பு இல்லை. சொன்ன அளவுகோலால் அளப்பார்கள் என்கிற எதிர்பார்ப்பு, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது அரசமைப்புச் சட்டத்தின் 14-வது பிரிவு. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்பது அதன் மேலோட்டமான பொருள். அரசு தன்னிச்சையாக, அதாவது காரணமோ வரைமுறையோ இல்லாமல் மனம் போன போக்கில் நடக்கக் கூடாது என்பதும் அதற்குள்ளேயே அடக்கம். மதிப்பெண் கையில் இருக்கும்போது கோட்டை எங்கே போடுவது என்று முடிவு செய்தால், கோட்டைப் போடுகிறவருக்கு யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிந்துவிடுகிறது. அவர் யோக்கியராகவே இருக்கலாம். ஆனால் வேண்டியவருக்காக வளைத்தாரா இல்லையா என்று வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால்தான் இந்த வகை வழக்கில் கெட்ட எண்ணம் இருந்தது என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. கேரள வழக்கிலும் யாரையும் குறை சொல்லித் தீர்ப்பு வரவில்லை, விதி மீறப்பட்டது என்றுதான் வந்தது.

## ஆந்திர வழக்கு: இரண்டு மாற்றம், ஒன்று சரி, ஒன்று தப்பு

இந்தக் கோட்பாட்டுக்குத் தாய் வழக்கு என்று சொல்லத்தக்கது 2008 பிப்ரவரியில் வந்த மஞ்சுஸ்ரீ எதிர் ஆந்திரப் பிரதேசம். அதுவும் மாவட்ட நீதிபதி தேர்வுதான். 2004-இல் 10 இடங்களுக்கு அறிவிப்பு. எழுத்துத் தேர்வுக்கு 75, நேர்காணலுக்கு 25 என்று தேர்வுக்கு முன்பே தீர்மானம் இருந்தது. நடந்தது என்னவென்றால், வினாத்தாளை 100 மதிப்பெண்ணுக்குத் தயாரித்துவிட்டார்கள். 83 பேர் நேர்காணல் வரை வந்தார்கள், 100-ஐயும் 25-ஐயும் அப்படியே கூட்டி ஒரு பட்டியலும் போட்டாயிற்று.

பட்டியல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் கூடும் கூட்டத்துக்குப் போனபோது அங்கே ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு இரண்டு திருத்தம் செய்தார்கள். ஒன்று, 100-க்கு எடுத்த எழுத்து மதிப்பெண்ணை 75-க்குச் சுருக்கினார்கள். இரண்டு, நேர்காணலுக்கும் குறைந்தபட்ச மதிப்பெண் வைத்தார்கள். பொதுப் பிரிவுக்கு 25-க்கு 12.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 10, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 8.75.

இரண்டுமே நேர்காணல் முடிந்த பிறகு வந்த மாற்றம். இரண்டுமே பட்டியலைப் புரட்டிப்போட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து அடிபட வேண்டும். ஆனால் உச்ச நீதிமன்றம் முதல் திருத்தம் சரி என்றது. 75-க்கு 25 என்பது முன்பே முடிவான விதி, 100-க்கு வினாத்தாள் வைத்ததுதான் பிழை, சுருக்கியது அந்தப் பிழையைச் சரி செய்து பழைய விதிக்குத் திரும்பியது. இரண்டாவது திருத்தத்துக்கு அப்படி எந்தப் பழைய விதியும் இல்லை. எழுத்துத் தேர்வுக்குத்தான் குறைந்தபட்ச மதிப்பெண் இருந்தது, நேர்காணலுக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆட்டம் ஆடி முடித்த பிறகு ஆட்ட விதியை மாற்றுவது இது, அனுமதிக்க முடியாது என்று ரத்து செய்து, நேர்காணல் கட்-ஆஃப் இல்லாமல் பட்டியலைத் திரும்பப் போடச் சொன்னது.

எனக்குக் கேட்டால் இந்த வழக்கில் படிக்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். "ரிசல்ட்டுக்குப் பிறகு என்னமோ மாத்தினாங்க" என்பது மட்டும் வழக்காகாது. மாற்றம் பழைய விதியை நோக்கிப் போகிறதா, அதை விட்டு விலகிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். விடைக்குறிப்பில் தப்பைத் திருத்துவது, கூட்டலில் வந்த பிழையைத் திருத்துவது எல்லாம் முதல் வகை. நமக்கு மதிப்பெண் குறைந்தால் வயிறு எரியும்தான், ஆனால் அது விதி மாற்றம் ஆகாது.

நேர்காணலுக்குக் கட்-ஆஃப் வைப்பதே தப்பு என்று இந்த வழக்குகளைப் புரிந்துகொள்கிறவர்களும் உண்டு. அதுவும் இல்லை. பிகாரிலும் குஜராத்திலும் நீதிபதித் தேர்வு விதிகளிலேயே நேர்காணல் கட்-ஆஃப் இருக்கிறது. அதை எதிர்த்துப் போன வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கட்-ஆஃப் செல்லும் என்றே சொன்னது. முன்னாலேயே எழுதி வைத்திருந்தார்கள், அதனால் யாரும் ஏமாறவில்லை.

## அப்படியானால் 1973 வழக்கு?

குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. 1973-இல் ஹரியாணா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் எதிர்ப்பக்கம் சொன்னதுபோல் தோன்றும். 15 காலியிடம், 45 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி என்பது விதி. 40 பேர் தேறினார்கள். அரசு 55 சதவீதத்துக்கு மேல் எடுத்த முதல் ஏழு பேரை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டது. உச்ச நீதிமன்றம் அது சரிதான் என்றது. "வேலை கொடுக்கிறவர் இஷ்டம்" கோஷ்டிக்கு இதுதான் பிடிமானம்.

இந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு ராஜஸ்தான் வழக்கு. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2009-இல் 13 மொழிபெயர்ப்பாளர் இடங்களுக்கு ஆள் கேட்டது. 21 பேர் தேர்வெழுதிய பிறகு 75 சதவீதம் எடுத்தவர்களுக்குத்தான் வேலை என்று முடிவானது. தேறியவர்கள் மூன்றே பேர். இது 1973 போலவா, மஞ்சுஸ்ரீ போலவா என்று கேள்வி எழுந்து, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று 2013-இல் அனுப்பினார்கள். 2024 நவம்பர் 7-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது. தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கு என்று தேடினால் கிடைக்கும்.

அந்தப் பதில் இரண்டு உரிமைகளைப் பிரித்துக் காட்டியது. ஒன்று, தேர்வுப் பட்டியலில் (நம் ஊர்ப் பேச்சில் ரேங்க் லிஸ்ட்டில்) இடம்பெறும் உரிமை. சொன்ன விதிப்படி தகுதி பெற்றவரைப் பட்டியலுக்கு வெளியே தள்ள முடியாது. மஞ்சுஸ்ரீ இதைப் பற்றியது. இன்னொன்று, பட்டியலில் வந்த பிறகு வேலை கேட்கும் உரிமை. இது கெட்டியான உரிமை இல்லை. பணமில்லை, தேவையில்லை, தரம் வேண்டும் என்று நேர்மையான காரணத்தோடு அரசு சில இடங்களை நிரப்பாமல் விடலாம். 1973 வழக்கு இதைப் பற்றியது. ஆனால் இடமும் இருந்து, பட்டியலில் ஆளும் இருக்கும்போது காரணமே இல்லாமல் ஒருவரை ஒதுக்க முடியாது. இரண்டு வழக்கும் மோதவில்லை, இரண்டும் செல்லும்.

தேர்வு எப்போது தொடங்குகிறது என்பதையும் அதே தீர்ப்பு நிர்ணயித்தது. விண்ணப்பம் கேட்டு அறிவிக்கை வந்த அன்று ஆட்டம் தொடங்குகிறது, இடங்களை நிரப்பியதும் முடிகிறது. இடையில் தகுதி அளவுகோலை மாற்ற வேண்டுமென்றால் நடப்பு விதியோ, விதிக்கு முரண்படாத அறிவிக்கையோ அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். இடம் கொடுத்திருந்தாலும் மாற்றம் தன்னிச்சையாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கட்-ஆஃப் பின்னால் நிர்ணயிப்போம் என்று அறிவிக்கையிலேயே சொல்லியிருந்தால், அந்தக் கட்டம் வருவதற்கு முன்னால் நிர்ணயித்துவிட வேண்டும். தேர்வு எழுதுகிறவர் மட்டுமல்ல, மதிப்பெண் போடுகிறவரும் திடீரென்று மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் சொல்கிறது. மேலே சித்தூர்க்காரருக்கு 23 போட்டவர் நினைவிருக்கிறதா, அவர் பிரச்சினைதான்.

சுருக்கமாக: பட்டியலுக்குள் நுழையும் வாசலை நடுவில் குறுக்கக் கூடாது. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

## நம் ஊரில் ரூல்ஸ் மாற்றம் என்று பேசப்படுபவை

ரேங்க் லிஸ்ட் காலாவதியாவது ரூல்ஸ் மாற்றமில்லை. 2021-இல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் ரேங்க் ஹோல்டர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள், அவர்கள் வேதனை உண்மையானது, எனக்கும் வருத்தம்தான். ஆனால் லிஸ்ட்டுக்கு ஆயுள் உண்டு என்பது முதலிலிருந்தே விதியில் இருப்பது. அது இரண்டாவது வகை உரிமை.

காலியிட எண்ணிக்கை மாறுவதும் பெரும்பாலும் அப்படித்தான், ஏனென்றால் எண்ணிக்கை கூடலாம் குறையலாம் என்று அறிவிக்கையிலேயே ஒரு வரி இருக்கும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

கொஞ்சம் யோசிக்க வைப்பது முதல்நிலைத் தேர்வு. 2021 பிப்ரவரியில் கேரள பி.எஸ்.சி. பத்தாம் வகுப்புத் தகுதிப் பணிகளுக்குப் பொது முதல்நிலைத் தேர்வு வைத்தபோது, முன்பே வந்த அறிவிக்கைகளுக்கு விண்ணப்பித்து ஒரே ஒரு பரீட்சை என்று நினைத்திருந்தவர்கள் இரண்டு எழுத வேண்டியதாயிற்று. இதை மஞ்சுஸ்ரீயோடு சேர்த்துப் பேசுவார்கள். நான் சேர்க்க மாட்டேன். விண்ணப்பம் லட்சக்கணக்கில் குவிந்தால் வடிகட்டுவதற்கு ஒரு கட்டம் வைப்பது நடைமுறை சார்ந்தது. வெளிப்படையாக, எல்லோருக்கும் ஒரேபோல, நோக்கத்தோடு பொருந்தி இருந்தால் நீதிமன்றங்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. முக்கியமாக, அது அறிவிக்கப்பட்டபோது யாரும் பேனாவைத் தொடவில்லை. அந்த முதல்நிலை மதிப்பெண்ணை இறுதிப் பட்டியலில் சேர்ப்போம் என்று எழுதி முடித்த பிறகு சொல்லியிருந்தால் கதையே வேறு.

## சந்தேகம் வந்தால் எதைப் பார்ப்பது?

தேதிகளைப் பாருங்கள். அறிவிக்கைத் தேதி, ஒவ்வொரு கட்டமும் முடிந்த தேதி, மாற்றத்தைக் கொண்டுவந்த தீர்மானத்தின் தேதி. முதல் இரண்டும் இணையத்திலேயே கிடைக்கும். மூன்றாவதுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட வேண்டும். அதில் "ஏன் என்னைத் தேர்வு செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்தக் குறைந்தபட்ச மதிப்பெண்ணை நிர்ணயித்த தீர்மானத்தின் நகல், அதன் தேதி, அதற்கு அதிகாரம் தரும் விதி எண்" என்று ஆவணமாகக் கேட்க வேண்டும். தீர்மானத் தேதி நேர்காணலுக்குப் பின்னால் இருந்து, விதி எண்ணுக்கு நேரே ஒன்றும் இல்லாமல் இருந்தால் உங்கள் கையில் ஏதோ இருக்கிறது.

மாற்றம் முன்னாலேயே தெரிந்தும் வாயைத் திறக்காமல் தேர்வெழுதி, தோற்ற பிறகு எதிர்த்தால் நீதிமன்றம் பெரும்பாலும் கேட்காது. விதி தெரிந்துதானே கலந்துகொண்டாய் என்று திருப்பிக் கேட்கும். ரிசல்ட்டுக்குப் பிறகுதான் தெரியவந்தது என்றால் இந்தத் தடை பொருந்தாது. எப்படியானாலும் தாமதிக்கக் கூடாது. கேரளத்தில் மாநில அரசுப் பணி, பி.எஸ்.சி. விவகாரங்களுக்கு முதலில் போக வேண்டிய இடம் கேரள நிர்வாகத் தீர்ப்பாயம்.

தாமதம் என்றதும் கேரள வழக்கின் முடிவைச் சொல்லியாக வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் 2017-லேயே வழக்குக்குப் போனவர்கள், சட்டப்படி ஜெயித்தார்கள். ஆனால் தீர்ப்பு வந்தபோது 2023. அந்தப் பட்டியலில் தேர்வானவர்கள் ஆறு வருஷமாக நீதிபதிகளாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் தகுதியுள்ளவர்கள்தான், அவர்களை இப்போது இறக்கிவிடுவது பொது நலனுக்கு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அப்படியே விட்டுவிட்டது. மனுதாரர்களை அந்தப் பணியில் சேர்க்கவும் உத்தரவிடவில்லை. தேர்வாகாமல் போனது அவர்கள் திறமைக்குக் குறையில்லை என்று மட்டும் தீர்ப்பில் எழுதினார்கள். மஞ்சுஸ்ரீ வழக்கில் பட்டியலைத் திரும்பப் போட உத்தரவு கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை. அதனால் வழக்கு போடுகிறவர்கள் முதல் நாளிலேயே, தங்களுக்கு வர வேண்டிய இடத்தை வழக்கு முடியும்வரை நிரப்பாமல் வைக்க இடைக்கால உத்தரவு கேட்க முடியுமா என்று வக்கீலிடம் பேசிவிடுவது நல்லது.